940 யூனிட் பில்லுக்கு 5 கிலோவாட் சோலாரா? கணக்கு எங்கே இடிக்குது

6 ஜூன் 2025, இரவு 9.20, திருப்பாதிரிப்புலியூர்

நேத்து ரீடிங் எடுத்துட்டுப் போனாங்க. ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து 940 யூனிட், 6,240 ரூபாய். கத்திரி வெயில்ல ரெண்டு ஏசியும் ஓடினா வேற என்ன வரும். அம்மா பில்லைப் பார்த்துட்டு ராத்திரி ஏசியை அணைச்சுட்டு விசிறியோட உட்கார்ந்துட்டாங்க, அது தனிக் கதை.

மாடியில சோலார் போடலாம்னு ஒருத்தரைக் கூப்பிட்டேன். வந்தவர் பில்லை ரெண்டு நிமிஷம் பார்த்தார், போனில் தட்டினார், "உங்களுக்கு எட்டு கிலோவாட் வேணும் சார், ஆனா இடம் பத்தாது, அஞ்சு போட்டுக்கலாம், பில் ஜீரோ"ன்னுட்டார். 3,10,000 ரூபாய் கொட்டேஷன். மத்திய அரசு மானியம் 78,000 போக 2,32,000. பில்லில் சாங்ஷன்டு லோடு, அதாவது வீட்டுக்கு அனுமதிச்ச மின்பளு, 3 கிலோவாட்னு இருக்கு. அதையும் 5 ஆக்கணுமாம்.

அஞ்சு சரியா? எட்டுன்னு எப்படி வந்தது?

6 ஜூன், இரவு 9.48, வில்லியனூர்

எட்டு சரிதான் சார். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும், மாசம் 120. உங்க யூனிட்டை 120ஆல வகுங்க. 940க்கு 7.8 வருது. நான் போன வருஷம் இப்படித்தான் போட்டேன். 360 யூனிட் பில், 3 கிலோவாட், இன்னிக்கு வரைக்கும் குறை இல்லை.

6 ஜூன், இரவு 10.05, பழைய ஒயர்மேன்

அந்த 940 எத்தனை நாளைக்கு?

6 ஜூன், இரவு 10.31, திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, கேள்வி புரிஞ்சுது. தலையில அடிச்சுக்கிட்டேன்.

வில்லியனூர் சார் புதுச்சேரி. அங்கே மாசா மாசம் பில். கடலூர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல அரை மணி நேர பஸ் தூரம்தான், ஆனா 120ங்கற எண் தென்பெண்ணையைத் தாண்டினா 240 ஆகிடணும். 940ஐ 240ஆல வகுத்தா 3.9. வந்தவரும் அதே 120ஆலதான் வகுத்திருக்கார். அவர் அலுவலகம் எந்தப் பக்கம்னு இப்பத்தான் விசிட்டிங் கார்டுல பார்த்தேன். புதுச்சேரி.

அப்போ 4 கிலோவாட். பாதியாச்சு, பரவாயில்லை.

7 ஜூன், காலை 6.50, பழைய ஒயர்மேன்

தம்பி, அவசரப்படாதீங்க. வருஷத்துலயே பெரிய பில்லை எடுத்துக்கிட்டு அளவு போடுறது, தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்துட்டு தினமும் அத்தனை பேருக்குச் சோறு வடிக்கற மாதிரி. ஆறு பில் எடுங்க. யூனிட் மட்டும் போதும், ரூபாயைப் பார்க்காதீங்க. போன ஆகஸ்ட் பில்லில் 2024 ஜூலைக்கு முந்தின ரேட்டும் கலந்திருக்கும், குழப்பும்.

7 ஜூன், பிற்பகல் 2.15, திருப்பாதிரிப்புலியூர்

பீரோவுல தேடி அஞ்சு எடுத்தேன், ஒண்ணு மின்வாரிய இணையதளத்துல என் கணக்குப் பக்கத்துல கிடைச்சது.

ஜூன்-ஜூலை 780
ஆகஸ்ட்-செப்டம்பர் 640
அக்டோபர்-நவம்பர் 460
டிசம்பர்-ஜனவரி 380
பிப்ரவரி-மார்ச் 560
ஏப்ரல்-மே 940

மொத்தம் 3,760. பெரிய பில்லுக்கும் சின்ன பில்லுக்கும் ரெண்டரை மடங்கு வித்தியாசம் இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். அக்டோபர்-நவம்பர் 460ல ஃபெஞ்சல் புயலுக்கும் பங்கு உண்டு. முன்னாடி ரெண்டு வாரம் மழை, ஏசி போடவே இல்லை. புயலன்னிக்குக் கரண்டே இல்லை.

இன்னொரு வயித்தெரிச்சல். பிப்ரவரி-மார்ச் 560 வந்ததுக்குக் காரணம் நான்தான். ரீடிங் எடுக்க வந்த அன்னிக்குக் கேட்டைப் பூட்டிட்டு நெய்வேலி கல்யாணத்துக்குப் போயிட்டோம். எட்டு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க. 68 நாள் கணக்கு. அறுபது நாள்லயே எடுத்திருந்தா 494 யூனிட், ஐநூறுக்குள்ள அடங்கியிருக்கும். 2,544 கட்டினதுக்குப் பதிலா 1,767. சுளையா 777 ரூபாய் போச்சு.

7 ஜூன், மாலை 4.40, முதுநகர் கடை

ஐநூறைத் தாண்டினா அவ்வளவுதான் அண்ணே. எல்லா யூனிட்டுக்கும் 8 ரூபாய் 40 பைசா. 499க்கும் 501க்கும் நடுவுல ரெண்டாயிரம் வித்தியாசம் வரும். சோலாரே ஐநூறுக்குள்ள கொண்டு வரத்தான். அதுக்கு மேல எதுவும் யோசிக்காதீங்க.

7 ஜூன், மாலை 6.10, பழைய ஒயர்மேன்

முதுநகர்க்காரர் சொல்றதுல பள்ளம் இருக்குங்கறது உண்மை, பள்ளத்தோட ஆழம்தான் தப்பு.

ஐநூறு வரைக்கும் முதல் 100 இலவசம், அடுத்த 100 ரெண்டு ரூபா முப்பத்தஞ்சு பைசா, 201லேருந்து 400 வரைக்கும் 4.70, கடைசி நூறு 6.30. கூட்டினா 1,805. ஐநூத்தி ஒண்ணு ஆனா அந்த ரெண்டாவது நூறு 2.35லேருந்து 4.70க்குப் போயிடும். முதல் நூறு அப்பவும் இலவசம்தான். ஆக நீங்க இழக்கறது 235 ரூபாய், தாண்டின ஒரு யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048. ரெண்டாயிரம் வித்தியாசம்னு யாரோ பில் தொகையையே வித்தியாசம்னு சொல்லிட்டாங்க போல.

தம்பியோட 777 ரூபாய் புலம்பலும் தப்பு. அந்த எட்டு நாள் யூனிட் எங்கேயும் ஓடிப்போகாது. அப்பவே எடுத்திருந்தா அந்த 66 யூனிட்டும் அடுத்த பில்லுல ஏறியிருக்கும். அங்கே 940 இல்லை, 1,006 ஆகியிருக்கும். அந்த உயரத்துல யூனிட் பத்தரை ரூபாய், ஆயிரத்துக்கு மேல 11.55. ஏறக்குறைய 699 ரூபாய் அங்கே கட்டியிருப்பீங்க. உங்க நெய்வேலிக் கல்யாணத்துக்கு நஷ்டம் 78 ரூபாய். மொய்யைவிடக் கம்மி.

7 ஜூன், இரவு 8.00, திருப்பாதிரிப்புலியூர்

மொய் 1,001 வெச்சேன் ஐயா. வாபஸ் வாங்கிக்கறேன், புலம்பலை.

7 ஜூன், இரவு 8.25, பண்ருட்டி மாடிவீடு

நடுவுல ஒரு கேள்வி. எங்க வீட்டுல கீழே ஒரு சர்வீஸ், மாடியில குடித்தனத்துக்கு ஒரு சர்வீஸ். ரெண்டு பில்லும் சேர்த்தா உங்க அளவுதான் வருது. நான் 3 கிலோவாட் போட்டா ரெண்டு பில்லும் குறையுமா? மொட்டை மாடி என்னோடதுதானே.

7 ஜூன், இரவு 9.02, பழைய ஒயர்மேன்

மாடி உங்களோடது, கரண்ட் வர்றதையும் திரும்பப் போறதையும் கணக்கு வைக்கற நெட் மீட்டர் ஒரு சர்வீஸ் நம்பரோடது. எந்த நம்பரில் விண்ணப்பிக்கறீங்களோ அந்த பில் மட்டும்தான் குறையும். ரெண்டையும் சேர்த்துக் கூட்டாதீங்க. கீழ் வீட்டு யூனிட் தனியா எவ்வளவு?

7 ஜூன், இரவு 9.10, பண்ருட்டி மாடிவீடு

அதிகபட்சம் 290. மாடிக்காரங்கதான் ஏசி.

7 ஜூன், இரவு 9.14, பழைய ஒயர்மேன்

அப்போ உங்க பில் 658 ரூபாய். சோலார் உங்களுக்கு இல்லை, உங்க குடித்தனத்துக்குத்தான். அவங்க போட மாட்டாங்க. நாளைக்கே காலி பண்ணுவாங்க.

8 ஜூன், காலை 11.30, திருப்பாதிரிப்புலியூர்

ஞாயித்துக்கிழமை. நோட்டுல போட்டுப் பார்த்தேன். முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்றேன், வேற யாரும் பண்ண வேண்டாம். 3,760ஐ ஆறால வகுத்து சராசரி 627, அதுக்கு பில் இவ்வளவு, சோலாருக்கு அப்புறம் இவ்வளவுன்னு போட்டேன். அழகா வந்தது. ஆனா பொய். சராசரி எடுத்தா 940ல இருக்கற பத்தரை ரூபாய் யூனிட்டும் காணாமப் போயிடுது, 380ல இருக்கற 2.35ம் காணாமப் போயிடுது. படிக்கட்டுல சராசரி எடுத்தா சறுக்குமரம் ஆயிடும். ஆறு பில்லையும் தனித்தனியாத்தான் போடணும்.

அதுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு கிலோவாட் எவ்வளவு கொடுக்கும்னு வேணும். ஒயர்மேன் ஐயா, உங்க மாடியில 3 கிலோவாட் ஓடுதுன்னு வேற ஒரு இடத்துல சொன்ன ஞாபகம்.

8 ஜூன், பகல் 12.45, பழைய ஒயர்மேன்

மஞ்சக்குப்பத்துல, ரெண்டு வருஷமா. ஜெனரேஷன் மீட்டர் ரீடிங்கை டைரியில எழுதி வெச்சிருக்கேன். மூணால வகுத்துக் கொஞ்சம் உருட்டிச் சொல்றேன். ஒரு கிலோவாட்டுக்கு ஏப்ரல்-மே 270, ஜூன்-ஜூலை 240, ஆகஸ்ட்-செப்டம்பர் 240, அக்டோபர்-நவம்பர் 200, டிசம்பர்-ஜனவரி 220, பிப்ரவரி-மார்ச் 280. வருஷத்துக்கு 1,450.

பிப்ரவரி-மார்ச்தான் உச்சம், கத்திரி இல்லை. வெயில் வேற, சூடு வேற. பேனல் சூடானா கொடுக்கறது குறையும். வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாசம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். இது நிழலே இல்லாத மாடி, தெற்கு பார்த்து லேசான சாய்வு. உங்க மாடியில தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துக்கோங்க.

8 ஜூன், இரவு 10.15, திருப்பாதிரிப்புலியூர்

இதுதான் நான் கேட்டதுக்குப் பதில். எனக்கு நானே சொல்லிக்கறேன்.

3,760ஐ 1,450ஆல வகுத்தா 2.6. அப்போ 3 போடலாம்னு மத்தியானமே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ரூபாய்க் கணக்கு போட்டதும் அதுவும் ஆடிப்போச்சு.

விஷயம் இதுதான். சோலார் பில்லோட அடியிலேருந்து அரிக்கறதில்லை, உச்சியிலேருந்து அரிக்குது. 940ஐ எடுத்துக்குங்க. முதல் கிலோவாட் 270 யூனிட்டைத் தின்னுது. 140 யூனிட் பத்தரை ரூபாய் ரேட், மீதி 130 யூனிட் 9.45 ரேட். பில் 6,240லேருந்து 3,541க்கு இறங்குது. ஒரே கிலோவாட், ஒரே பில், 2,700 ரூபாய். ரெண்டாவது கிலோவாட் அடுத்த 270ஐ எடுத்து 400ல கொண்டு வந்து நிறுத்துது, பில் 1,175. வழியில ஐநூறு பள்ளத்தையும் தாண்டிடுது, அதுக்கும் சேர்த்து 2,366 மிச்சம். மூணாவது கிலோவாட் 400ஐ 130க்குக் கொண்டு போகும், அதுக்குக் கிடைக்கறது 1,100. நாலாவதுக்கு 70 ரூபாய்தான் பாக்கி இருக்கு. ஏன்னா 100 யூனிட் எப்படியும் இலவசம். இலவசமா கிடைக்கற யூனிட்டை 60,000 ரூபாய் செலவு பண்ணி நானே தயாரிக்கறதுல என்ன பெருமை?

இதே மாதிரி ஆறு பில்லையும் போட்டேன். சோலார் இல்லாம வருஷத்துக்கு 19,257 ரூபாய். முதல் கிலோவாட் வருஷத்துக்கு 10,900 ரூபாய் குறைக்குது. ரெண்டாவது 6,340. மூணாவது 1,950. நாலாவது, அஞ்சாவது ரெண்டும் சேர்ந்து 70.

எழுபது! கீழே சொல்ற 3 கிலோவாட் விலையோட வெச்சுப் பார்த்தா, அந்த ரெண்டு கிலோவாட்டுக்கு அவர் கொட்டேஷன்ல கூடுதலா வர்றது 1,15,000.

மானியமும் இதே பக்கம்தான் சாயுது. பிஎம் சூர்ய கர் திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. இன்னொரு இடத்துல விலை கேட்டேன். 2 கிலோவாட் 1,45,000, மானியம் 60,000 போக 85,000. வருஷம் 17,240 மிச்சம்னா அஞ்சு வருஷத்துல போட்ட காசு வந்துடும். 3 கிலோவாட் 1,95,000, மானியம் போக 1,17,000. ஆறு வருஷம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது கிலோவாட்டைத் தனியா நிறுத்திக் கேட்டா, 32,000 வாங்கிட்டு வருஷத்துக்கு 1,950 கொடுக்குது. பதினாறு வருஷம். முதல் ரெண்டோட முதுகுல ஏறி வந்துடுது அது.

5 கிலோவாட்? பன்னிரண்டு வருஷம்.

8 ஜூன், இரவு 10.40, முதுநகர் கடை

கணக்கு நல்லா இருக்கு. ஆனா சாங்ஷன்டு லோடு 3 இருக்கும்போது 2 போட்டா ஒரு கிலோவாட் வீணாகுமே? லோடு எவ்வளவோ அவ்வளவு போடுறதுதான் ரூல்.

9 ஜூன், காலை 7.05, பழைய ஒயர்மேன்

அது கூரை, தரை இல்லை. சோலார் அளவு சாங்ஷன்டு லோடைத் தாண்டக் கூடாதுங்கறதுதான் விஷயம். அதைத் தொட்டே ஆகணும்னு யாரும் சொல்லலை. பஸ்ல 50 சீட் இருக்குன்னா 50 பேர் ஏறியே ஆகணுமா?

சாங்ஷன்டு லோடுங்கறது ஒரே நேரத்துல உங்க வீட்டுக்கு எவ்வளவு மின்பளுவுக்கு அனுமதின்னு சொல்ற எண். மாசம் எத்தனை யூனிட் ஓடுதுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நாள் முழுக்க ஒரே ஒரு ஏசி ஓடற வீட்டுல லோடு கம்மி, யூனிட் அதிகம். கல்யாண மண்டபத்துல லோடு மலை மாதிரி இருக்கும், முகூர்த்தம் இல்லாத மாசத்துல யூனிட் ஒண்ணும் இருக்காது.

9 ஜூன், காலை 9.20, வில்லியனூர்

எங்க ஊர்ல லோடைச் சும்மா ஏத்தாதீங்க. நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னு மாசா மாசம் வரும். நான் ஏசிக்காக ஒண்ணு ஏத்தினேன், இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன். அப்புறம் அந்த 120 கணக்குக்கு மன்னிச்சிடுங்க. எங்க பில்லுல அது சரியாத்தான் வருது, எங்களுக்கு படிக்கட்டும் 100, 200, 300னு மாசக் கணக்குலதான்.

9 ஜூன், இரவு 8.50, திருப்பாதிரிப்புலியூர்

மன்னிப்பெல்லாம் எதுக்கு சார், நீங்க சொல்லலைன்னா எட்டு எங்கேருந்து வந்ததுன்னே தெரிஞ்சிருக்காது.

லோடு விஷயத்துல நான் வேற ஒரு குழியில விழுந்தேன். சோலாருக்காக ஏத்த வேண்டாம், சரி. ஆனா வீட்டுல இருக்கறதைக் கூட்டிப் பார்த்தேன். ரெண்டு ஒன்றரை டன் ஏசி, ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோவாட் பக்கம். கீஸர் ரெண்டு கிலோவாட். கிணத்து மோட்டார் ஒரு குதிரைசக்தி, முக்கால் கிலோவாட். இது போக ஃப்ரிட்ஜ், மிக்சி, அயர்ன் பாக்ஸ். மார்கழி காலையில கீஸரும் மோட்டாரும் ஒண்ணா ஓடினாலே மூணு நெருங்குது. அப்பா 1998ல வாங்கின சர்வீஸ், அப்போ வீட்டுல இருந்தது ரெண்டு ஃபேனும் ஒரு கிரைண்டரும்தான்.

அப்போ லோடை ஏத்தணும்தான், ஆனா காரணம் சோலார் இல்லை, நாங்கதான். இதைக் கொட்டேஷன் கொடுத்தவர் ஒண்ணாக் குழைச்சு "சோலாருக்காக ஏத்தணும்"னு சொன்னார்.

9 ஜூன், இரவு 9.35, பழைய ஒயர்மேன்

ஏத்திடுங்க. நம்ம பக்கம் வீட்டு இணைப்புக்கு இப்போ நிலைக்கட்டணம் இல்லை, மாசச் சுமை வராது. கூடுதல் லோடுக்கு வளர்ச்சிக் கட்டணமும் டெபாசிட்டும் ஒரு தடவை கட்டணும். சிங்கிள் பேஸா த்ரீ பேஸாங்கறதையும் அப்பவே கேட்டுக்கோங்க, இன்வெர்ட்டர் அதுக்கு ஏத்த மாதிரிதான் வாங்கணும்.

2024 பிப்ரவரியில வந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தப்படி 10 கிலோவாட் வரைக்கும் சோலார் விண்ணப்பத்துக்குத் தனியா சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம், தேவைப்படற லோடு உயர்வையும் விநியோக நிறுவனமே செய்யணும். அதனால "லோடு கம்மியா இருக்கு, விண்ணப்பம் போகாது"ன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. அதே சமயம் "லோடு தானா ஏறும், அதனால பெருசாப் போடு"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

10 ஜூன், காலை 10.00, முதுநகர் கடை

கல்யாண மண்டபம் உதாரணம் புரிஞ்சுது. நான் கடைக்குப் போட்டேன், அங்கே படிக்கட்டு வேற மாதிரி. வீட்டுக்கும் அதுதான்னு நினைச்சுட்டேன்.

ஆனா மூணாவது கிலோவாட் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அடுத்த வருஷம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவீங்க, அம்மா ரூமுக்கு ஏசி போடுவீங்க. அப்போ திரும்ப ஸ்ட்ரக்சர், திரும்ப விண்ணப்பம். மானியத்துக்கும் ரெண்டாவது தடவை அலையணும். இப்பவே மூணு போட்டுடுங்க.

10 ஜூன், இரவு 9.00, திருப்பாதிரிப்புலியூர்

இது நியாயமான அடி. இதுக்கு என்கிட்ட கச்சிதமான பதில் இல்லை.

போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 600 யூனிட், அதாவது பில்லுக்கு 100 கூடினா மூணாவது கிலோவாட்டோட வருமானம் நல்லாவே ஏறும், ஏன்னா அது அப்போ 4.70 படிக்கட்டுல அதிகமா வேலை செய்யும். ஆனா அம்மா ரூமுக்கு ஏசி போட அம்மா ஒத்துக்கணும். விசிறியைக் கீழே வைக்கவே மாட்டேங்கறாங்க. நடக்காத ஏசிக்கு இப்போ 32,000 கட்டணுமா?

ஒயர்மேன் ஐயா சும்மா இருக்கார். அவர் வீட்டுல 3 ஓடுது, அதான்.

10 ஜூன், இரவு 9.20, பழைய ஒயர்மேன்

எனக்கு மூணு பேரப் பிள்ளைங்க, மே மாசம் முழுக்க இங்கேதான். மூணு ஏசி. உங்க வீட்டுக் கணக்கு உங்களுக்கு.

2 ஜூலை, காலை 8.10, திருப்பாதிரிப்புலியூர்

நேத்துலேருந்து மின் கட்டணம் 3.16 சதவீதம் ஏத்தியிருக்காங்க. வீட்டு இணைப்புக்கு அந்த ஏத்தம் இல்லை, அரசே ஏத்துக்குது. அதனால மேலே போட்ட கணக்கு அப்படியே நிக்குது. 2 கிலோவாட்டுக்கு முன்பணம் கொடுத்தாச்சு. லோடை 5 ஆக்க தனியா மனு. 540 வாட் பேனல் நாலு, 2 கிலோவாட் இன்வெர்ட்டர்.

இப்போ போடப்போறவரும் ஒரு தூண்டில் போட்டார். "இன்வெர்ட்டரை மட்டும் 5 போட்டுடலாம், மானியம் 78,000 கிடைக்கும்"னு. பேனலும் இன்வெர்ட்டரும் எது சின்னதோ அதுக்குத்தான் மானியம்னு சொன்னதும் டீ குடிச்சுட்டுப் போயிட்டார்.

தேவனாம்பட்டினத்துல மாமா வீட்டு ஸ்ட்ரக்சர் மூணே வருஷத்துல துரு ஏறி பழுப்பாயிடுச்சு, உப்புக்காத்து. துத்தநாகம் முக்கி எடுத்த இரும்புதான்னு எழுதி வாங்கினேன். 2011 தானேவுல அந்தத் தெருவுல ஒரு தகரமும் மிஞ்சலை, அதனால தரையில போல்ட் அடிக்கறதையும் நின்னு பார்த்தேன்.

2 ஜூலை, காலை 9.30, பண்ருட்டி மாடிவீடு

புயல்ல கரண்ட் போனா இது ஓடுமா? அதுக்குத்தானே போடறோம்?

2 ஜூலை, காலை 9.41, திருப்பாதிரிப்புலியூர்

ஓடாது. லைன்ல கரண்ட் இல்லைன்னா இன்வெர்ட்டரும் தானா நின்னுடும், கம்பத்துல ஏறி வேலை செய்யறவர் உயிர் முக்கியம். பேட்டரி வேணும்னா அது வேற இன்வெர்ட்டர், வேற விலை. நான் பில்லுக்குத்தான் போடறேன்.

19 ஆகஸ்ட், இரவு 10.05, திருப்பாதிரிப்புலியூர்

இன்வெர்ட்டர் ஆப்புல நேத்து 8 யூனிட் தயாரிப்புன்னு காட்டுது. நெட் மீட்டர்ல எக்ஸ்போர்ட் 4 தான் ஏறியிருக்கு. பாதி எங்கே போகுது? மீட்டர் தப்பா?

19 ஆகஸ்ட், இரவு 10.12, பழைய ஒயர்மேன்

பகல்ல ஃப்ரிட்ஜ் எதுல ஓடுச்சு?

19 ஆகஸ்ட், இரவு 10.20, திருப்பாதிரிப்புலியூர்

சரி சரி. வீடு குடிச்சது போக மிச்சம்தான் எக்ஸ்போர்ட். நீங்க எப்பவும் கேள்வியாத்தான் அடிக்கறீங்க.

7 அக்டோபர், இரவு 9.15, திருப்பாதிரிப்புலியூர்

ஆகஸ்ட்-செப்டம்பர் பில் வந்தாச்சு. இம்போர்ட் 480, எக்ஸ்போர்ட் 220, நிகரம் 260. தொகை 517 ரூபாய்.

என் கணக்குப்படி 160 யூனிட், 141 ரூபாய் வரணும். நூறு யூனிட் எங்கே இடிக்குதுன்னு உட்கார்ந்தேன். தயாரிப்பு 480 எதிர்பார்த்தேன், 430தான். அம்பது யூனிட் குறை. பக்கத்து வீட்டுல மாடி எழுப்பறாங்க, மூணு மணிக்கு மேல மேற்குப் பக்கப் பேனல் ஒண்ணுல நிழல் விழுது. ஐயா தண்ணித் தொட்டியைச் சொன்னார், நான் என் தொட்டியை மட்டும்தான் பார்த்தேன்.

மீதி அம்பது? தயாரிப்பு 430ல எக்ஸ்போர்ட் 220 போக 210 வீட்டுலயே ஓடியிருக்கு. அதோட இம்போர்ட் 480. மொத்தம் 690 யூனிட் செலவழிச்சிருக்கோம். போன வருஷம் இதே காலத்துல 640.

யார்னு கண்டுபிடிச்சுட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா ஏசி போட்டுட்டு, "வெயில்ல சும்மா வர்றதுதானேடா"ன்னு தூங்கறாங்க.

7 அக்டோபர், இரவு 9.32, முதுநகர் கடை

நான் மூணு போடச் சொன்னேன்.